காலை 10:15 மணிக்கு என்ன தெரியும்? எழுத்துப் படமும் தொடக்கச் சமநிலையும்: புதியவர்களுக்கு

நிஃப்டி ஃப்யூச்சர் காலை 9:15 முதல் 10:15 வரை எந்த விலைக்கும் எந்த விலைக்கும் இடையே நடந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேல் விலை ஒன்று, கீழ் விலை ஒன்று, அவ்வளவுதான். மார்க்கெட் புரொஃபைல் என்னும் எழுத்துப் படத்தைப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு விலைகளுக்கு நடுவே உள்ள இடத்தை இனிஷியல் பேலன்ஸ் என்பார்கள். திரையில் IB என்று இருக்கும். தமிழில் தொடக்கச் சமநிலை என்று சொல்லலாம். பேச்சில் எல்லோரும் ஐபி என்றே சொல்வதால் நானும் பெரும்பாலும் அப்படியே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு சந்தைக்கு ஐந்தேகால் மணி நேரம் மீதி இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் விலை இந்த இடத்துக்குள்ளேயே சுற்றப்போகிறதா, ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு ஓடப்போகிறதா, இரண்டு பக்கமும் போய் ஏமாற்றப்போகிறதா? இதை எழுத்துப் படத்தைக் கொண்டு அரை மணிக்கு அரை மணி எப்படி எடைபோடுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். நாளை விலை எங்கே போகும் என்று இந்தப் படம் சொல்லாது. இன்று உருவாகிக்கொண்டிருப்பது எந்த வகை நாள் என்பதை மட்டும் காட்டும்.

## படத்தைக் கையால் எழுதுவது

முதல் பத்து நாளாவது கையால் எழுதுங்கள் என்பது என் கோரிக்கை. மென்பொருள் ஒரு நொடியில் வரைந்துவிடும், ஆனால் எழுத்து ஒவ்வொன்றாகக் குவிவதைக் கண் பழகாது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும்.

நாளை அரை மணித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து கொடுக்கிறோம். 9:15 முதல் 9:45 வரை A. 9:45 முதல் 10:15 வரை B. 10:15க்கு C, 10:45க்கு D என்று அப்படியே போகும். நம் சந்தை 3:30க்கு முடிவதால் 2:45க்குத் தொடங்கும் L கடைசி முழுத் துண்டு. 3:15க்குப் பிறகு வரும் M கால் மணி நேரம்தான் இருக்கும்.

அப்புறம் தாளின் இடது ஓரத்தில் விலைகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். நிஃப்டிக்கு வரிசைக்குப் பத்துப் புள்ளி என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரிப்பட்டிருக்கிறது. 24,540 என்ற வரிசையில் 24,540 முதல் 24,550க்குக் கொஞ்சம் கீழே வரை எல்லாம் அடங்கும். வரிசைக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் படம் ஒல்லியாக நீண்டு உருவமே தெரியாது. ஐம்பது என்று வைத்தால் முதல் மணி நேரமே இரண்டு வரிசைக்குள் மடங்கிப்போய்விடும். சாதாரண நாள் ஒன்று பதினைந்து முதல் முப்பது வரிசைக்குள் வந்தால் அளவு சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அரை மணி முடிந்ததும் அந்தத் துண்டின் மேல் விலை, கீழ் விலை இரண்டையும் எடுத்து, அவற்றுக்கு இடையே உள்ள எல்லா வரிசைகளிலும் அந்த எழுத்தை ஒரு முறை எழுதுங்கள். ஒரே விலைக்கு அந்த அரை மணியில் பத்து முறை வந்து போயிருந்தாலும் எழுத்து ஒன்றுதான். ஒவ்வோர் எழுத்தையும் இடப்பக்கம் நெருக்கி, முன்பு எழுதியதை ஒட்டியே எழுத வேண்டும். அதனால்தான் விலை அதிக நேரம் தங்கிய வரிசைகள் நீளமாகவும், வேகமாகக் கடந்த வரிசைகள் குட்டையாகவும் தெரியும். இப்படி எழுதும் ஒவ்வோர் எழுத்துக்கும் டிபிஓ என்று பெயர். எத்தனை லாட் கைமாறியது என்பது இதில் வராது. விலைக்குக் கிடைத்த நேரம் மட்டுமே கணக்கு.

இங்கே புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். சில படங்களில் அரை மணிக் கேண்டில் 9:00, 9:30, 10:00 என்று கடிகாரத்தை ஒட்டி வெட்டப்பட்டிருக்கும். அப்போது முதல் கேண்டிலில் கால் மணி நேர வியாபாரம்தான் இருக்கும், முதல் இரண்டு கேண்டில்களைச் சேர்த்தாலும் முக்கால் மணி நேரம்தான். ஐபி தப்பாகிவிடும், அதன் மேல் கட்டும் எல்லாமும் தப்பாகும். முதல் கேண்டில் 9:15இல் தொடங்கி 9:45இல் முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

## முதல் ஒரு மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

இந்த முறையை உருவாக்கியவர் ஜே. பீட்டர் ஸ்டீடில்மேயர். சிகாகோ போர்ட் ஆஃப் டிரேடில் தரையில் நின்று வியாபாரம் செய்தவர். 1980களில் அந்தச் சந்தையே இதை வெளி உலகத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே காலையில் மணி அடித்ததும் முதலில் விலை பேசுபவர்கள் தரையிலேயே இருக்கும் சிறு வியாபாரிகள். வாங்கியதை உடனே விற்று, நாள் முடிவதற்குள் கையைக் காலி செய்துகொள்பவர்கள். எந்த விலையில் வாங்குபவரும் விற்பவரும் இரண்டு பக்கமும் கிடைக்கிறார்கள் என்று அவர்கள் மேலும் கீழும் தட்டிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அந்த இடம் அமைந்துவிடும். தொடக்கச் சமநிலை என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இன்று நம்மிடம் தரையும் இல்லை, கூச்சலும் இல்லை. ஆனாலும் இரண்டு வகைக் கைகள் இருக்கின்றன. ஒன்று, நாளுக்குள் வாங்கி விற்பவர்களின் கை. மற்றொன்று, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிலை எடுக்கும் பெரிய நிதிகளின் கை. முதல் மணி நேரத்தில் முதல் வகையினர் மட்டும் விளையாடினால் ஐபி குறுகலாக அமையும். பெரிய கை இன்னும் இறங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அது எப்போது இறங்குகிறதோ, அதற்கு வேண்டிய அளவு சரக்கு அந்தக் குறுகிய இடத்துக்குள் கிடைக்காது. விலையை நகர்த்தித்தான் வாங்க வேண்டியிருக்கும். குறுகிய ஐபி உடைந்தால் விலை தூரம் போவதற்குக் காரணம் இதுதான்.

ஐபி அகலமாக இருந்தால் கதை வேறு. பெரிய கை முதல் மணி நேரத்திலேயே வந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறது. வாங்க வேண்டியவர் உயர்ந்த விலை வரை வாங்கியாயிற்று, விற்க வேண்டியவர் தாழ்ந்த விலை வரை விற்றாயிற்று. புதிதாக ஏதும் வராத வரை, மீதி நாள் அந்த அகலத்துக்குள்ளேயே ஊசலாடும்.

இது தெரியாமல் நான் பணம் விட்ட நாள் ஒன்று உண்டு. சந்தை இடைவெளியோடு மேலே திறந்து, A எழுத்திலேயே நூறு புள்ளிக்கு மேல் விழுந்து, B எழுத்தில் மொத்தமும் ஏறிவிட்டது. ஐபி அந்த வாரத்து வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது. மதியம் ஒரு மணி வாக்கில் ஐபியின் மேல் விளிம்பைப் பன்னிரண்டு புள்ளி உடைத்ததும் நான் வாங்கினேன். விளிம்பு உடைந்தது என்பது மட்டும்தான் என் கண்ணுக்குப் பட்டது. எவ்வளவு அகலமான விளிம்பு என்று நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்த அரை மணியில் விலை உள்ளே திரும்பியது. நாள் முடியும்போது ஐபியின் நடுவில் இருந்தது.

## அகலமா, குறுகலா என்று எப்படிச் சொல்வது

எண்பது புள்ளி ஐபி அகலமா குறுகலா என்று கேட்டால் பதிலே கிடையாது. சந்தை அமைதியாக இருக்கும் மாதத்தில் அது அகலம், கொந்தளிக்கும் மாதத்தில் அதுவே குறுகல். அதனால் கடைசி இருபது நாள் ஐபிகளை நோட்டில் எழுதிவையுங்கள். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை விட நடு எண் நல்லது. பட்ஜெட் நாள் போன்ற ஒரே ஒரு நாள் சராசரியைத் தூக்கிவிடும், நடு எண்ணை அசைக்காது.

இன்றைய ஐபி அந்த நடு எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால் நான் குறுகல் என்று எழுதுவேன். ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் அகலம். இடைப்பட்டதெல்லாம் சாதாரணம். இது என் கைக்கணக்கு. நீங்கள் எழுதிவைக்கும் நோட்டு வேறு அளவு காட்டினால் அதை நம்புங்கள்.

ஒரு விதிவிலக்கை மறக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் வட்டி விகித அறிவிப்பு காலை 10 மணிக்கு வரும். அது சரியாக B எழுத்தின் நடுவில் விழுகிறது. அன்று A எழுத்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல ஒடுங்கியிருக்கும், B எழுத்து கடைசிக் கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் வீசும். அப்படிப் பிறந்த ஐபிக்கு மற்ற நாள் ஐபியின் அர்த்தம் இல்லை. அந்த நாளை நோட்டில் தனியாகக் குறித்துவிட்டு, வகை பார்க்கும் வேலையை விட்டுவிடலாம்.

## ஒரு நாளை எழுதிப் பார்ப்போம்

பழகுவதற்காக நானே அமைத்த ஒரு மாதிரி நாள் இது. எண்கள் கற்பனை, ஆனால் நடை நிஃப்டியில் அடிக்கடி பார்க்கும் நடை. கடைசி இருபது நாள் ஐபியின் நடு எண் 92 என்று வைத்துக்கொள்வோம்.

A எழுத்தில் மேல் விலை 24,556, கீழ் விலை 24,512. B எழுத்தில் மேல் 24,548, கீழ் 24,503. இரண்டையும் சேர்த்தால் ஐபி 24,503 முதல் 24,556 வரை, அதாவது 53 புள்ளி. 92இல் மூன்றில் இரண்டு பங்கு சுமார் 61. ஆகவே குறுகல். நோட்டில் 10:15க்கு நான் எழுதுவது இவ்வளவுதான்: "குறுகல். உடைந்தால் கவனி. பக்கம் தெரியாது." பக்கம் தெரியாது என்பதை எழுதியே வைப்பேன். ஐபியின் அகலம் எவ்வளவு தூரம் என்பதைத்தான் கோடிகாட்டும், திசையைச் சொல்லாது.

C எழுத்து 24,514 முதல் 24,549 வரை, D எழுத்து 24,521 முதல் 24,554 வரை. இரண்டும் ஐபிக்குள்ளேயே அடங்கிவிட்டன. 11:15க்குத் தாள் இப்படி இருக்கும்:

```
24550 | A D
24540 | A B C D
24530 | A B C D
24520 | A B C D
24510 | A B C
24500 | B
```

இந்த இடத்தில் அவசரப்படுபவர் "இன்று அசையாத நாள்" என்று முடிவு கட்டிவிடுவார். அப்படியே நாள் முழுக்க ஓடி, ஐபியை உடைக்காமல் முடிகிற நாட்களும் உண்டுதான். ஆனால் இன்னும் ஒன்பது எழுத்து பாக்கி இருக்கிறது. ஒரு சின்னக் குறிப்பையும் பாருங்கள்: B கீழே 24,503 வரை போனது, C 24,514இல் நின்றது, D 24,521இல் நின்றது. கீழ் விலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. இதை வைத்து வாங்கச் சொல்ல மாட்டேன். எந்த விளிம்பருகே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

E எழுத்தில் 11:15க்குப் பிறகு விலை 24,538 வரை இறங்கி, திரும்பி, 24,556ஐக் கடந்து 24,607 வரை போகிறது. அரை மணி முடியும்போது 24,603இல் நிற்கிறது. ஐபி மேல் பக்கம் உடைந்துவிட்டது. இப்போது கேட்க வேண்டியது ஒன்றே: இது உண்மையான உடைப்பா?

நான் மூன்று விஷயம் பார்க்கிறேன். உடைத்த எழுத்து வெளியிலேயே முடிந்ததா என்பது முதலாவது. இங்கே 24,603இல் முடிந்திருக்கிறது, விளிம்புக்கு 47 புள்ளி மேலே. உடைத்த வேகத்தில் ஒற்றை எழுத்துகள் விட்டுச்சென்றதா என்பது இரண்டாவது. 24,560 முதல் மேலே உள்ள வரிசைகளில் E மட்டும் தனியாக நிற்கிறது. பேரம் பேசாமல், நின்று நிதானிக்காமல் விலை அந்த இடத்தைக் கடந்திருக்கிறது. பெரிய கை வந்ததற்கு எழுத்துப் படத்தில் கிடைக்கும் தடயம் இதுதான். மூன்றாவதுதான் மிக முக்கியம், அதற்கு அடுத்த அரை மணி காத்திருக்க வேண்டும்: அடுத்த எழுத்து பழைய இடத்துக்குத் திரும்ப மறுக்கிறதா?

F எழுத்து 24,592 முதல் 24,648 வரை. அதன் கீழ் விலையே ஐபியின் மேல் விளிம்புக்கு 36 புள்ளி மேலே இருக்கிறது. மூன்றும் சரி. 12:15க்கு நோட்டில் எழுதலாம்: "மேல் பக்கம் உண்மையான உடைப்பு. ட்ரெண்ட் நாள் ஆகலாம்."

அடுத்து G எழுத்து 24,611 முதல் 24,652 வரை. E, F, G மூன்றிலும் ஒவ்வோர் எழுத்தின் கீழ் விலையும் முந்தையதை விட மேலே. ட்ரெண்ட் நாளின் அடையாளமே இந்தப் படிக்கட்டுதான். மேலே ஏறும் ட்ரெண்ட் நாளில் எந்த எழுத்தும் முந்தைய எழுத்தின் கீழ் விலையை உடைக்காமல் போய்க்கொண்டே இருக்கும். படம் ஒல்லியாக நீளும், ஒரு வரிசையிலும் நாலைந்து எழுத்துக்கு மேல் சேராது.

H எழுத்து 24,608 வரை இறங்கியது. G-யின் கீழ் விலை 24,611. மூன்றே புள்ளிதான், ஆனால் படி உடைந்துவிட்டது. இங்கே கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விலை விழப்போகிறது என்று அர்த்தமில்லை. ஓட்டம் நின்று, புதிய உயரத்தில் மறுபடி பேரம் தொடங்கியிருக்கிறது. நான் நோட்டில் "ட்ரெண்ட்" என்பதை அடித்துவிட்டு "மேலே இரண்டாவது குவியல் கட்டுகிறது" என்று எழுதுவேன். இந்த வகை நாளுக்கு டபுள் டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். நாள் முடிந்தபோது முழுப் படம் இதோ:

```
24660 | L
24650 | G I L
24640 | F G H I J L M
24630 | F G H I J K L M
24620 | F G H I J K L M
24610 | F G H I J K L
24600 | E F H J K
24590 | E F K
24580 | E
24570 | E
24560 | E
24550 | A D E
24540 | A B C D E
24530 | A B C D E
24520 | A B C D
24510 | A B C
24500 | B
```

கீழே ஒரு குவியல், மேலே பெரிய குவியல், நடுவில் E மட்டும் நிற்கும் ஒல்லியான கழுத்து. மொத்த நாள் 24,503 முதல் 24,661 வரை, 158 புள்ளி. ஐபி 53. குறுகிய ஐபி உடைந்து, நாள் அதைப்போல மூன்று மடங்காக விரிந்திருக்கிறது.

## கழுத்துதான் காவல்

இந்த நாளில் வாங்கி வைத்திருப்பவருக்கு ஸ்டாப் லாஸ் எங்கே என்ற கேள்விக்குப் படமே பதில் வைத்திருக்கிறது. 24,560 முதல் 24,590 வரை உள்ள ஒற்றை எழுத்துகள்தான் கழுத்து. பெரிய கை அவசரமாக வாங்கிக் கடந்த இடம் அது. அந்தக் காரணம் உயிரோடு இருக்கும் வரை விலை அந்தக் கழுத்துக்குள் திரும்பிவந்து உட்காரக் கூடாது.

K எழுத்தைப் பாருங்கள். மதியம் 2:15க்குப் பிறகு 24,598 வரை இறங்கியது. அன்று வாங்கியிருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் கழுத்துக்குள் நுழையவில்லை, அடுத்த L எழுத்து நாளின் உச்சத்தைத் தொட்டது. ஒருவேளை K 24,575 வரை இறங்கியிருந்தால்? அப்போதும் உடனே ஓட வேண்டியதில்லை. அந்த அரை மணி எங்கே முடிகிறது என்று பார்க்கலாம். K 24,556க்குக் கீழே போய், L எழுத்தும் அங்கேயே பேரம் பேசத் தொடங்கியிருந்தால், கழுத்து நிரம்பிவிட்டது என்று பொருள். இரண்டு குவியல் என்ற கணிப்பு செத்துவிட்டது. அதற்கப்புறம் அந்த நிலையை வைத்துக்கொள்ள எழுத்துப் படத்தில் எந்தக் காரணமும் கிடையாது.

மேலே 24,660இல் தனியாக ஒரு L, கீழே 24,500இல் தனியாக ஒரு B. இவையும் ஒற்றை எழுத்துகள்தானே என்று கேட்கலாம். ஓரத்தில் நிற்கும் ஒற்றை எழுத்துகளை வால் என்பார்கள். ஆனால் ஒரே ஒரு வரிசையை வால் என்று கணக்கில் எடுப்பதில்லை, குறைந்தது இரண்டாவது வேண்டும். ஒரே வரிசை என்றால் விலை அங்கே விரட்டப்படவில்லை, ஆளில்லாமல் நின்றிருக்கிறது.

## பொய்யாக உடைந்தால்

மாதிரி நாளையே கொஞ்சம் மாற்றிப் போடுவோம். அதே 53 புள்ளி ஐபி. E எழுத்து 24,571 வரை போகிறது, ஆனால் அரை மணி முடியும்போது 24,541க்குத் திரும்பிவிடுகிறது. முதல் சோதனையிலேயே தோல்வி. வெளியில் முடியவில்லை.

இதை வெறும் தோற்ற உடைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள், இதுவும் ஒரு செய்தி. மேலே ஆள் இருக்கிறாரா என்று சந்தை கேட்டது, யாரும் வரவில்லை. அடுத்த கேள்வி பெரும்பாலும் கீழ் விளிம்பில் கேட்கப்படும். F எழுத்து 24,503ஐ உடைத்து 24,480க்குப் போனால், ஐபி இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. இதுதான் நியூட்ரல் நாள். இரண்டு பக்கத்திலும் பெரிய கைகள் இருக்கின்றன, யாருக்கும் மேல்கை கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட நாளில் உடைப்பைத் துரத்தி வாங்குபவரும் துரத்தி விற்பவரும் இருவருமே அடி வாங்குவார்கள். இரண்டாவது பக்கமும் உடைந்ததும் நான் புதிதாக எதுவும் எடுப்பதில்லை. கையில் ஏதாவது இருந்தால், விலை ஐபிக்குள் திரும்பும்போது விட்டுவிடுவேன். சில நியூட்ரல் நாட்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் ஓடி நுனியில் போய் முடியும். அப்படி முடிந்தால் அன்று யார் ஜெயித்தார் என்பது மறுநாளுக்குப் பயன்படும் தகவல். அன்றைக்கு அதைப் பிடிக்கப் பார்ப்பது சூதாட்டம் என்றே நினைக்கிறேன்.

சாதாரண அகலமுள்ள ஐபி ஒரு பக்கம் உடைந்து, ஏறக்குறைய இன்னோர் ஐபி அளவு போய் நிற்கும் நாட்கள்தான் உங்கள் நோட்டில் அதிகம் இருக்கும். அதற்கு நார்மல் வேரியேஷன் என்று பெயர். பெரிய விளக்கம் தேவையில்லை. ஐபியின் அளவை உடைந்த விளிம்போடு கூட்டிப் பார்த்து, அந்த விலை அருகே லாபத்தில் ஒரு பகுதியை எடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

## எப்போது உடைந்தது என்பதும் முக்கியம்

C, D, E எழுத்துகளில் உடைந்தால் நாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. புதிய இடத்தில் இரண்டாவது குவியல் கட்டவோ படிக்கட்டு ஏறவோ அரை மணிகள் மிச்சம் உண்டு. L எழுத்தில் உடைந்தால் உண்மையா பொய்யா என்று சோதிக்கவே நேரமில்லை. மூன்றாவது சோதனைக்கு வேண்டிய அடுத்த எழுத்து M, அது கால் மணி நேரம்தான். அதனால் 2:45க்கு மேல் வரும் முதல் உடைப்பை நாளின் வகைக்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

நடுவில் இன்னொரு நேரமும் உண்டு. லண்டன் சந்தை அவர்களுடைய கோடைக்காலத்தில் நம் நேரப்படி 12:30க்குத் திறக்கும், குளிர்காலத்தில் 1:30க்கு. முதலாவது G எழுத்தில் விழும், இரண்டாவது I எழுத்தில். காலை முழுக்க ஐபிக்குள் தூங்கிய சந்தை இந்த எழுத்துகளில் கண் விழிப்பதை நோட்டு எழுதத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கவனிப்பீர்கள். "இன்று அசையாத நாள்" என்ற தீர்ப்பை இந்த எழுத்து முடிகிற வரையாவது தள்ளிப்போடுங்கள்.

## நாள் முடிந்ததும்

3:30க்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும். நோட்டில் ஒரே வரியில் ஐபியின் அளவு, நடு எண்ணோடு ஒப்பிட்டால் குறுகலா அகலமா, எந்த எழுத்தில் எந்தப் பக்கம் உடைந்தது, மூன்று சோதனைகளில் எத்தனை தேறியது, நாள் கடைசியில் எந்த வகை ஆனது என்று எழுதுங்கள். இதோடு 10:15க்கும் 12:15க்கும் நீங்கள் எழுதிய கணிப்புகளையும் அழிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். எந்த எழுத்தில் கருத்தை மாற்றியிருக்க வேண்டும், எந்த எழுத்தில் உண்மையில் மாற்றினீர்கள் என்ற இடைவெளி அங்கேதான் தெரியும். மாதிரி நாளில் H எழுத்திலேயே படி உடைந்துவிட்டது. K எழுத்து வரை "ட்ரெண்ட்" என்று பிடிவாதமாக இருந்திருந்தால், ஒன்றரை மணி நேரம் தாமதம்.

மாதக் கடைசியில் அடுத்த மாத ஃப்யூச்சருக்கு மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு ஒப்பந்தங்களின் விலையும் ஒன்றாக இருக்காது. ஐபியின் அளவு வெறும் வித்தியாசம் என்பதால் பழைய பட்டியலைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் பழைய ஒப்பந்தத்தில் குறித்த கழுத்து விலைகளைப் புதிய ஒப்பந்தத்தின் தாளுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. புதிய ஒப்பந்தத்தின் அதே நாள் கேண்டில்களை எடுத்து, படத்தை மறுபடி எழுதிவிடுங்கள்.

கடைசியாக, மாதிரி நாளின் தாளில் 24,560க்கும் 24,590க்கும் இரண்டு கோடு போட்டு, அதே கோடுகளை மறுநாள் தாளிலும் வரைந்துவிடுங்கள். காலையில் A எழுத்து அந்தக் கழுத்துக்கு மேலேயே திறந்து மேலேயே நின்றால், நேற்று வாங்கிய கை இன்னும் விடவில்லை. அதற்குள் இறங்கி உட்கார்ந்தால், 10:15க்கு ஐபியைக் குறிக்கும் முன்பே நேற்றைய கதை முடிந்துவிட்டது.